பிழையின் அளவும் பிழையின் திசையும்

அமெரிக்காவில் காய்ச்சல் அறிகுறிகளுடன் மருத்துவரிடம் செல்வோரின் விகிதத்தை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வாரந்தோறும் வெளியிடுகிறது. அக்கணக்கு கைக்கு வர ஓரிரு வாரங்கள் ஆகும். அதற்குள் மக்களின் தேடுசொற்களைக் கொண்டே அதை மதிப்பிட 2008-இல் கூகுள் முன்வந்தது. ஐந்து கோடித் தேடுசொற்களிலிருந்து 45-ஐக் கணினி தேர்ந்தெடுத்தது. பயிற்சியில் சேர்க்காத தரவுகளில் சோதித்தபோது, மையத்தின் கணக்குடன் தொடர்புக் கெழு சராசரியாக 0.97 இருந்தது. பொருளியல் மாணவர் எவரும் பொறாமைப்படும் எண்.

நடைமுறையில் அது நீடிக்கவில்லை. 2009 பன்றிக் காய்ச்சலின் முதல் அலையை அது குறைத்து மதிப்பிட்டது, சொற்பட்டியலைத் திருத்தினார்கள். பின்னர் தவறு மறுபக்கம் சாய்ந்தது. 2011 ஆகஸ்ட் தொடங்கி 108 வாரங்களில் 100 வாரங்கள் மதிப்பீடு உண்மையைவிட மிகுதியாகவே இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பிழையின் அளவைக் காட்டிலும் அதன் திசை. நல்ல மாதிரியும் தவறும். ஒரு வாரம் கூடும், மறுவாரம் குறையும். தொடர்ந்து எட்டு வாரங்கள் ஒரே பக்கம் தவறினால், அது நாணயத்தைச் சுண்டி எட்டு முறையும் ஒரே பக்கம் விழுவதைப் போன்றது. வாய்ப்பு 128-இல் ஒன்று. (அடுத்தடுத்த வாரங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், நடைமுறையில் இன்னும் நீண்ட தொடரை எதிர்பார்க்க வேண்டும்.) பிழையின் அளவு சிறிதாக இருக்கும்போதே இந்தச் சாய்வு தென்பட்டுவிடும். கூடவே ஓர் எளிய ஒப்பீடும் வேண்டும். மூன்று வாரம் பழைய அரசுக் கணக்கை நீட்டித்துப் பார்த்தாலே கூகுளின் மதிப்பீட்டைவிட நன்றாக இருந்தது என்று 2014-இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

காரணம் என்ன? செய்திகளைக் கண்டு அஞ்சி, நோயில்லாதவர்களும் தேடியிருக்கலாம். தேடுபொறியும் மாறிக்கொண்டே இருந்தது. 2012 பிப்ரவரி முதல், இருமல், காய்ச்சல் என்று தேடியவருக்கு அது சாத்தியமான நோய்களின் பெயரைக் காட்டத் தொடங்கியது. அதைக் கண்டவர் அந்நோயைப் பற்றியும் தேடியிருப்பார். அளவுகோலைச் செய்தவரே அளக்கப்படுவதையும் மாற்றிக்கொண்டிருந்தார்.

காய்ச்சலில் உண்மை இரு வாரத்தில் தெரிந்துவிடும். வங்கிக் கடனில் அப்படியில்லை. கடன் திரும்புமா என்பது தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை, விண்ணப்பிப்போரின் வருமானமும் வயதும் பயிற்சிக் காலத்தவருடையதிலிருந்து விலகுகின்றனவா என்று பார்ப்பது வழக்கம். அது பாதிக் காவல்தான். அதே வருமானம், அதே வயதினர் வந்தும், ஊரில் வேலை போனால் பழைய மதிப்பெண்ணுக்குப் பொருள் மாறிவிடும். அதை உள்ளீடுகள் காட்டாது. முதல் சில தவணைகள் எத்தனை பேருக்குத் தவறுகின்றன என்பதே முதலில் காட்டும்.

கூகுள் அந்த மதிப்பீடுகளை வெளியிடுவதை 2015-இல் நிறுத்திக்கொண்டது.