துளை குறுகினால் ஒளி விரியும்

இரண்டு புதிய சவர பிளேடுகளை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பக்கத்தில் பக்கமாகப் படுக்கவைத்து, கூர்விளிம்புகள் இரண்டும் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி செங்குத்தாக நிற்கும்படி கண்ணாடியை நிறுத்தி, சிவப்பு லேசர் பாயிண்டரின் கதிரை அதன் வழியே செலுத்தி, இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் வெள்ளைச் சுவரில் என்ன விழுகிறது என்று பாருங்கள். (பார்க்க வேண்டியது சுவரைத்தான், கதிருக்கு நேரே கண்ணைக் கொண்டுபோகக் கூடாது.) மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று விழும் என்று எதிர்பார்ப்போம். விழுவது குறுக்கே நீண்ட ஒரு பட்டை. நடுவில் பளிச்சென்று அகலமான ஒளி, அதன் இரு புறமும் ஒரு இருட்டு, பிறகு மங்கலான ஒரு ஒளித்திட்டு, மறுபடி இருட்டு, இன்னும் மங்கலான திட்டு.

பிளேடுகளை இன்னும் நெருக்கி ஒட்டினால் ஒளி ஒடுங்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் பட்டை இன்னும் விரிகிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் நடு ஒளியின் அகலம் இரட்டிப்பாகிறது.

பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒற்றைப் பிளவு விளிம்பு விளைவு என்று பெயர். நடுவில் இருக்கும் பெரிய ஒளித்திட்டு மையப் பெருமம். பாடத்தில் வாய்பாடு வந்துவிடும். ஏன் அப்படி என்பதுதான் பலருக்கும் விட்டுப்போயிருக்கும். இருட்டு எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பிளவின் வழியே நுழையும் ஒளி அலையில், பிளவின் அகலம் முழுவதிலும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சுவரை நோக்கி அலையை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிரே உள்ள இடத்துக்கு எல்லா அலைகளும் ஏறத்தாழ ஒரே தூரம் பயணித்து வருகின்றன. மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர்வதால் அங்கே பளிச். இப்போது சற்றுச் சாய்வான ஒரு திசையைப் பாருங்கள். பிளவின் இடது ஓரத்திலிருந்து வரும் அலைக்கும் வலது ஓரத்திலிருந்து வரும் அலைக்கும் சரியாக ஒரு முழு அலைநீளம் தூர வித்தியாசம் வரும் அளவுக்குச் சாய்வு. பிளவை மனதுக்குள் இரண்டு சம பாதிகளாக வெட்டுங்கள். இடது பாதியின் முதல் புள்ளிக்கும் வலது பாதியின் முதல் புள்ளிக்கும் தூர வித்தியாசம் அரை அலைநீளம். ஒன்று மேடாக வரும்போது மற்றது பள்ளமாக வருகிறது, இரண்டும் அழிந்துபோகின்றன. இரண்டாவது புள்ளிக்கும் அதே கதி, மூன்றாவதற்கும் அதேதான். இப்படி இடது பாதி முழுவதையும் வலது பாதி தின்றுவிடுகிறது. அந்தத் திசையில் சுவர் இருட்டு.

இதிலேயே அந்த விநோதத்துக்கும் விடை இருக்கிறது. பிளவு குறுகலாக இருந்தால் இரண்டு ஓரங்களும் அருகருகே இருக்கின்றன. அவற்றுக்கிடையே ஒரு முழு அலைநீள வித்தியாசம் வரவேண்டுமானால் அதிகம் சாய வேண்டும். ஆகவே முதல் இருட்டு தள்ளிப்போகிறது, நடு ஒளி அகலமாகிறது. பிளவின் அகலம் a, அலைநீளம் λ என்றால் சாய்வுக் கோணம் λ/a ரேடியன். இரு புறமும் சேர்த்து மையப் பெருமத்தின் அகலம் 2λ/a.

நம் சுவருக்கு வருவோம். சிவப்பு லேசரின் அலைநீளம் சுமார் 0.00065 மில்லிமீட்டர். பிளேடுகளின் இடைவெளி 0.1 மில்லிமீட்டர் என்றால், இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் நடுப் புள்ளிக்கும் முதல் இருட்டுக்கும் இடையே 13 மில்லிமீட்டர் வரும். நடு ஒளியின் முழு அகலம் 26 மில்லிமீட்டர். பக்கத் திட்டுகள் ஒவ்வொன்றும் அதில் பாதி அகலம்தான்; வெளிச்சமோ முதல் பக்கத் திட்டிலேயே நடுவின் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடுகிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால் சாதாரண ஸ்கேலை வைத்துச் சுவரை அளந்தே பிளேடு இடைவெளியைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தப் பட்டைகளோடு சென்னைக்கு ஒரு பழைய உறவு உண்டு. மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சி. வி. ராமன், ஒளி மிகச் சாய்வாக வரும்போது பட்டைகள் இரு புறமும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்று கவனித்து எழுதியதுதான் அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை. 1906-இல் லண்டனின் ஃபிலசாஃபிக்கல் மேகசின் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 18.

இனி தொலைநோக்கி. அதன் முன்பக்க லென்ஸோ கண்ணாடியோ விண்மீனின் ஒளிக்கு ஒரு துளைதான். அகலமான துளை என்றாலும் துளை துளைதானே. ஆகவே எவ்வளவு துல்லியமாக இழைத்த லென்ஸ் வழியே பார்த்தாலும் விண்மீன் ஒரு புள்ளியாகத் தெரியாது. ஒரு சின்ன வட்டத் தட்டாகவும் அதைச் சுற்றி மங்கலான வளையங்களாகவும்தான் தெரியும். தெரிவது விண்மீனின் உடல் அல்ல, நம் லென்ஸ் வரைந்த மையப் பெருமம். துளை வட்டம் என்பதால் கணக்கில் ஒரு சிறு மாற்றம். வட்டத்தைச் செங்குத்துக் கீற்றுகளாக நறுக்கினால் நடுக் கீற்று நீளமாகவும் ஓரக் கீற்றுகள் குட்டையாகவும் இருக்கும். ஓரங்களின் பங்கு குறைவதால், அதே விட்டமுள்ள பிளவைவிட வட்டம் சற்றுக் குறுகலான துளைபோல நடந்துகொள்கிறது. முதல் இருட்டு λ/D-க்குப் பதில் 1.22 λ/D-இல் விழுகிறது. D என்பது லென்ஸின் விட்டம். பச்சை ஒளிக்கு இதை விகலையில் சொன்னால், 138-ஐ மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் போதும். (ஒரு பாகைக்கு 3,600 விகலை.)

அருகருகே இரண்டு விண்மீன்கள் இருந்தால் இரண்டு தட்டுகள். எவ்வளவு நெருங்கும்வரை அவற்றை இரண்டு என்று சொல்ல முடியும்? ரேலே பிரபு 1879-இல் சொன்ன அளவுகோல் இது: ஒன்றின் நடு, மற்றதன் முதல் இருட்டின் மேல் விழும்வரை. அந்த நிலையில் இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் உச்சத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. பழகிய கண்ணுக்கு அந்தச் சரிவு தெரியும்.

இதை ஒரு நிஜமான கதையில் போட்டுப் பார்க்கலாம். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார், 12 அடி நீளமுள்ள தொலைநோக்கியால் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆல்ஃபா சென்டாரி ஒரு விண்மீன் அல்ல, இரண்டு என்று கண்டார். அந்த இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. அப்படியானால் நான்கு சுற்று கழித்து, 2009-இல், அவை ரிஷோ பார்த்த அதே நிலைக்குத் திரும்பியிருக்கும். 2009-இல் இடைவெளி சுமார் 7 விகலை. எனவே ரிஷோவும் ஏறத்தாழ அந்த இடைவெளியைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

138-ஐ 7-ஆல் வகுத்தால் சுமார் 20 மில்லிமீட்டர். ரிஷோவின் வேலைக்கு இரண்டு சென்டிமீட்டர் லென்ஸே ஏட்டளவில் போதும்! வெறுங்கண்ணுக்கு அது எட்டாது. இரவில் விரியும் கண்மணி 7 மில்லிமீட்டர் என்றாலும் அதன் கணக்கு 20 விகலையில் நின்றுவிடுகிறது, நடைமுறையில் நம் கண் 60 விகலைக்கே திணறும். ஆனால் ரிஷோவுக்குச் சிரமம் லென்ஸால் மட்டும் வரவில்லை. ஆல்ஃபா சென்டாரி தென்கோடி வானத்தில் இருப்பது. டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து விடியலுக்கு முன் பார்த்தால் அது அடிவானிலிருந்து 10 பாகை உயரத்தை ஒட்டித்தான் நின்றிருக்கும். அவ்வளவு தாழ்வில் காற்று ஒரு பட்டகம்போல வேலைசெய்து, விண்மீனின் மேல் ஓரத்தில் நீலத்தையும் கீழ் ஓரத்தில் சிவப்பையும் இழுத்துவிடும். அதைத் தாண்டி இரண்டு என்று கண்டுபிடித்தது சாமானிய வேலை அல்ல.

இன்று 80 மில்லிமீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் யாரும் இந்த எல்லையைக் கண்ணால் காணலாம். அதன் கணக்கு 1.7 விகலை. மே, ஜூன் மாதங்களில் முன்னிரவில் ஆல்ஃபா சென்டாரி தெற்கே உச்சத்துக்கு வரும்போது நூறு மடங்குப் பெரிதாக்கத்தில் பார்த்தால் இரண்டு விண்மீன்களும் பிரிந்து தெரியும். அப்படியே லென்ஸின் முன் ஒரு கருப்பு அட்டையை மூடி, அதில் ஒரு சென்டிமீட்டர் விட்டத்தில் ஓட்டை போடுங்கள். எல்லை 14 விகலைக்கு எகிறிவிடும். தட்டுகள் இரண்டும் உப்பி ஒன்றாகக் கலந்து, ஒரே கொழுத்த விண்மீன் தெரியும். கண்வில்லையை மாற்றி இருநூறு மடங்கு ஆக்கினாலும் பிரியாது; அந்தக் கொழுத்த விண்மீன் இன்னும் பெரிதாகும், அவ்வளவே. கடைகளில் சின்னத் தொலைநோக்கிப் பெட்டிகளின் மேல் 500 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பிரிப்பது விட்டம், பெரிதாக்கம் பிரிந்ததைக் காட்டும், பிரியாததைப் பிரிக்காது.

ரேலேயின் எல்லை ஒரு மதில்சுவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம வெளிச்சமுள்ள ஜோடி என்றால் தேர்ந்த கண் அதைவிடக் கொஞ்சம் நெருக்கமானதையும் பிரிக்கும். இங்கிலாந்தின் பாதிரியார் டாஸ் 19-ஆம் நூற்றாண்டில் ஏராளமான இரட்டை விண்மீன்களைப் பார்த்து, 138-க்குப் பதில் 116 என்று தம் அனுபவக் கணக்கைச் சொன்னார். ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தாலோ நிலைமை தலைகீழ். பெரியதன் வளையத்துக்குள் சின்னது ஒளிந்துகொண்டுவிடும். எல்லையைப்போல இரண்டு மூன்று மடங்கு தள்ளி இருந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அப்படியானால் விட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால்? ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். கணக்குப்படி அது 0.06 விகலை வரை பிரிக்க வேண்டும். ஆனால் தலைக்கு மேலே காற்று எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கிறது. நீண்ட நேரம் படம் எடுத்தால் நடுங்கும் தட்டு ஒரு விகலை, இரண்டு விகலை அகலத்துக்குப் பரவி நின்றுவிடுகிறது. பிரித்தறிவதை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த இரவில் அது 10 சென்டிமீட்டர் தொலைநோக்கியைவிடப் பெரிதாக ஒன்றும் மிஞ்சிவிடாது. அதன் பெரிய கண்ணாடி மங்கலான பொருள்களின் ஒளியைத் திரட்டத்தான் முழுதாக உதவுகிறது. ஏறத்தாழ அதே அளவு, 2.4 மீட்டர் கண்ணாடிதான் ஹபிள் தொலைநோக்கியிலும் இருக்கிறது. காற்றுக்கு மேலே சுற்றுவதால் அது கணக்கு சொல்லும் எல்லையை ஏறத்தாழ எட்டிவிடுகிறது.

தன் தொலைநோக்கியில் படம் குழம்பினால் அது காற்றின் குற்றமா, விட்டத்தின் எல்லையா என்று அறிய அந்த அட்டையே போதும். லென்ஸில் பாதி விட்டத்துக்கு ஓட்டை போட்டு மூடிப் பாருங்கள். தட்டு அசையாமல் இரட்டிப்பாகப் பெருத்தால், முன்பு லென்ஸ் தன் எல்லைவரை வேலை செய்திருக்கிறது. தட்டு பெருக்காமல் படம் நிதானப்பட்டால், குழப்பியது காற்று. அன்றைக்கு இன்னும் பெரிய தொலைநோக்கியைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த ஜோடி பிரியாது.