ஏழு பக்க வரலாறும் ஒரு பரிசலும்

மிகைபுனைவு நாவல் ஒன்றின் கைப்பிரதி இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு நேரம். காவலர்கள் துரத்த, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பரிசல்துறைக்கு ஓடி வருகிறாள். அடுத்த ஏழு பக்கங்களுக்கு அவளைக் காணவில்லை. ஐந்து நாடுகளின் வரலாறு, மூன்று மாயப் பள்ளிகளின் விதிகள், அரச வம்சத்தின் கொடிவழி எல்லாம் வரிசையாக வருகின்றன. எட்டாம் பக்கத்தில் அவள் பரிசலில் கால்வைக்கும்போது, எதற்காக ஓடினாள் என்பதே வாசகருக்கு மறந்துபோயிருக்கும்.

எடிட்டர்கள் இதை 'இன்ஃபோ டம்ப்' என்பார்கள். "விளக்கத்தைக் குறையுங்கள்" என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தால் போதாது. எழுத்தாளர் ஏழு பக்கத்தை ஐந்தாக்கிக் கொண்டுவருவார், பெண் அப்போதும் கரையிலேயே நிற்பாள். உலகத்தை விளக்கும் வாக்கியங்களை மட்டும் ஒரே நிறத்தில் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்பது பலன் தரும்: இது தெரியாவிட்டால் இந்தக் காட்சி புரியாமல் போகுமா?

இந்தப் பிரதியில் தேறுவது ஒன்றுதான். அந்நாட்டில் ஆற்றைக் கடக்கக் கூலி காசு அல்ல, ஒரு நினைவு. அதையும் தனியாக விளக்க வேண்டியதில்லை. பரிசல்காரர் கையை நீட்டுகிறார். அம்மாவின் குரலைக் கொடுப்பதா, தம்பியின் முகத்தைக் கொடுப்பதா என்று அவள் தவிக்கிறாள். பின்னால் தீப்பந்தங்கள் நெருங்குகின்றன. விதியும் அதன் வலியும் ஒரே நேரத்தில் வாசகருக்குப் புரிந்துவிடும்.

"டோல்கீன் பக்கம் பக்கமாக விளக்கவில்லையா?" என்று எழுத்தாளர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1954இல் வெளிவந்த 'தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்' ஹாபிட்டுகளைப் பற்றிய நீண்ட முன்னுரையோடுதான் தொடங்குகிறது. அதைத் தாண்டிப் போகும் வாசகர்களும் உண்டு. ஆனால் அந்த மோதிரம் உண்மையில் எத்தகையது என்பதை அவர் இரண்டாம் அத்தியாயம் வரை வெளியே விடவில்லை. முதல் அத்தியாயத்தில் பில்போ தன் 111ஆவது பிறந்தநாள் விருந்தில் எல்லோர் கண்ணெதிரே மறைகிறார். பிறகு மோதிரத்தை விட்டுச்செல்ல மனமின்றி, நெடுநாள் நண்பர் காண்டால்ஃப் மீதே சீறுகிறார். கை வாளின் பிடிக்குப் போகிறது. அந்த மோதிரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது. அதன்பிறகு காண்டால்ஃப் ஃப்ரோடோவிடம் சொல்லும் பழங்கதை எவ்வளவு நீண்டாலும், அவன் உயிருக்கு வந்திருக்கும் ஆபத்தாகவே காதில் விழுகிறது. வம்சாவளிகளும் கால அட்டவணைகளும் 1955இல் வந்த மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்புக்குப் போயின.

வெட்டுவது அளவு மீறினாலும் ஆபத்துதான். விளக்கமே இல்லாமல் விநோதப் பெயர்கள் மட்டும் மிஞ்சினால் வாசகர் திசை தெரியாமல் நிற்பார். திருத்திய அத்தியாயத்தைக் கதையே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, யார் எதற்காக ஓடுகிறார்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் வெட்டியதில் இரண்டொரு வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். மாயப் பள்ளிகளைப் பற்றி அவரே விசாரித்தாலும் அவசரப்பட வேண்டாம். அவள் அந்த விதிகளில் ஒன்றை முதன்முதலாக மீறும் அத்தியாயத்தில் அவை இடம்பெறட்டும்.