பேக்கேமன்: முதல் பதிலும் ஆறு கட்டச் சுவரும்

பேக்கேமன் பலகையில் 24 முக்கோணக் கட்டங்கள், ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடைகள். இரு ஆட்டக்காரர்களும் எதிரெதிர்த் திசையில் காய் நகர்த்தி, தங்களுடைய கடைசி ஆறு கட்டங்களான உள்வீட்டில் எல்லாக் காய்களையும் சேர்த்த பிறகு அவற்றை வெளியே எடுக்க வேண்டும். முதலில் எடுத்து முடிப்பவருக்கு வெற்றி. ஒரு கட்டத்தில் ஒருவருடைய இரண்டு காய்கள் சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டம் அவர் வசம். எதிராளி அங்கே இறங்க முடியாது. தனிக்காய் நின்றால் வெட்டலாம். வெட்டுப்பட்ட காய், தாயத்தைப் போலவே, ஆரம்பத்திலிருந்து மறுபடி சுற்றி வர வேண்டும்.

ஆட்டத்தின் வியூகம் முழுவதும் இந்த இரண்டு காய் விதியிலிருந்து பிறக்கிறது. அடுத்தடுத்த கட்டங்களைப் பிடித்தால் அது சுவராகும். பகடையில் 6-க்கு மேல் எண் கிடையாது என்பதால், ஆறு கட்டச் சுவரை எந்தக் காயும் தாண்ட முடியாது. இதற்குப் பிரைம் என்று பெயர். ஐந்து கட்டச் சுவரை ஒட்டி நிற்கும் காய்க்கு 6 விழுந்தால்தான் விடுதலை. 36 வீச்சுகளில் அப்படி 11 உண்டு. நான்கு கட்டச் சுவர் என்றால் 5 அல்லது 6 போதும். வாய்ப்பு 20 ஆகிவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. ஐந்து கட்டச் சுவருக்கு ஒட்டாமல் ஒரு கட்டம் தள்ளி நிற்கும் காய், முதலில் 1 வைத்து ஒட்டி வந்து, பிறகு 6 வைத்துத் தாண்ட வேண்டும். ஒரே வீச்சில் அது நடக்க 6-1 விழ வேண்டும். 36-இல் இரண்டே வாய்ப்பு. சிக்கிய காய் சுவரின் விளிம்புக்கு விரைந்து வர வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கில் 6-ஆம் கட்டத்தில் ஐந்து, 8-இல் மூன்று, 13-இல் ஐந்து, 24-இல் இரண்டு காய்கள். ஒருவருடைய 24-ஆம் கட்டம் மற்றவருக்கு 1-ஆம் கட்டம். ஆகவே இருவருடைய இரண்டிரண்டு காய்கள் ஆட்டம் தொடங்கும்போதே எதிராளியின் உள்வீட்டு மூலையில் மாட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

வெள்ளை முதலில் 6-1 வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 13-இலிருந்து ஒரு காய், 8-இலிருந்து ஒரு காய் என 7-ஆம் கட்டத்தைப் பிடிப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. 6, 7, 8 என மூன்று கட்டச் சுவர் முதல் வீச்சிலேயே எழுந்துவிட்டது. இப்போது கறுப்பின் முறை. பின்னால் நிற்கும் இரண்டு கறுப்புக் காய்களும் 5 வைத்தால் வெள்ளையின் 6-இல் முட்டும். 6 வைத்தால் 7-இல் முட்டும். சாதாரணமாக மூலைக்காயை வெளியே ஓட்டும் 6-5 இங்கே பயனற்ற வீச்சு. 6-6 விழுந்தாலும் பின்காய்கள் இரண்டையும் கிளப்ப முடியாது என்பதால் பாதி பலம் வீண்.

ஆகவே கறுப்பின் அக்கறை, சுவர் நீளும் முன் அதன் விளிம்புக்கு வருவது. 4-4 விழுந்தால் கவலையில்லை: இரண்டு பின்காய்களும் வெள்ளையின் 5-ஆம் கட்டத்தில் போய் உட்காரும், 13-இலிருந்து இரண்டு காய்கள் 9-க்கு இறங்கும். எதிராளியின் உள்வீட்டில் இப்படிப் பிடிக்கும் கட்டம் ஆங்கர். அதன் பிறகு வெள்ளையின் சுவர் 6-ஐத் தாண்டி உள்ளே நீளவே முடியாது.

5-4 விழுந்தால் வழக்கமான பதில், 4-க்கு ஒரு பின்காயை மட்டும் வெள்ளையின் 5-க்கு ஏற்றி, 5-க்கு 13-இலிருந்து ஒன்றை 8-இல் வைப்பது. பார்க்க இது தற்கொலை போலத் தெரியும். வெள்ளைக்கு 1, 2, 3 எது விழுந்தாலும் வெட்டலாம், 4-4-உம் வெட்டும். மொத்தம் 36-இல் 28 வீச்சுகள். ஆனால் நட்டத்தைக் கணக்கிட்டால் நிலைமை வேறு. கறுப்புக் காய் வெட்டுப்பட்டால் இழப்பது ஐந்தே படி. வெள்ளை ஒற்றைக் காயால் வெட்டிவிட்டு நின்றால், கறுப்பு 5 போட்டு உள்ளே நுழைந்து திருப்பி வெட்டலாம். அப்போது வெள்ளை இழப்பது 20 படி. உண்மையில் பயப்பட வேண்டியது, வெட்டுவதோடு அந்தக் கட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும் 3-1, 1-1, 3-3, 4-4 போன்ற சில வீச்சுகளுக்குத்தான். அவை விழாமல் தப்பினால், அடுத்து ஒரு 4 வந்ததும் ஆங்கர் கறுப்பின் கையில்.

தன் சுவரைக் கட்டும் பக்கமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. 5-ஆம் கட்டம்தான் எல்லாரும் குறிவைக்கும் இடம். 3-1 விழுந்தால் 8-இலிருந்தும் 6-இலிருந்தும் காய் எடுத்து அதைப் பிடிப்பது தொடக்கத்திலும் பதிலிலும் அநேகமாக எப்போதும் சரி. அப்படி விழாதபோது 1 வைத்து ஒரு தனிக்காயை 5-இல் இறக்கி, அடுத்த வீச்சில் மூடலாம் என்று நம்புவது பழைய பாணி. எதிராளியின் பின்காய்கள் இரண்டும் மூலையிலேயே இருந்தால் அதை வெட்டும் வீச்சுகள் 15. எதிராளி ஏற்கெனவே அவற்றைப் பிரித்து ஒன்றை ஒரு கட்டம் முன்னே வைத்திருந்தால் 24 ஆகிவிடும். முதல் வீச்சில் பொறுத்துக்கொள்ளத்தக்க துணிச்சல், பதில் வீச்சில் வெறும் அசட்டுத்தனமாவது இப்படித்தான். ஐபிஎம் ஆய்வாளர் ஜெரால்ட் டெசாரோ 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய டிடி-கேமன் நிரலின் ஆட்டங்களைப் பார்த்த பிறகு, 4-1, 5-1 விழும்போது முன்னணி ஆட்டக்காரர்கள் இந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, பின்காயைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

வெட்டும் கட்டமும் ஒன்றாக அமைவதைவிட நல்ல பதில் இல்லை. வெள்ளை 6-2 வீசி ஒரு பின்காயைக் கறுப்பின் 7-ஆம் கட்டத்துக்கு நகர்த்தியிருக்கும்போது கறுப்புக்கு 6-1 விழுகிறது. அதே 13, 8 காய்கள் 7-இல் இறங்க, வெள்ளைக் காய் வெட்டுப்படுகிறது. கூடவே 6, 7, 8 சுவரும் எழுகிறது. வெள்ளையின் காய் ஒன்று வெளியே. இன்னொன்று சுவருக்குப் பின்னால்.

மூன்றை ஐந்தாக்கும் வேலை நிதானமானது. சுவருக்கு ஆறு படிக்குள் உதிரிக் காய்கள் தயாராக நிற்க வேண்டும். 9, 10, 11 கட்டங்களில் 13-இலிருந்து இறக்கி வைக்கும் காய்களுக்கு இதுதான் வேலை. அவை வெவ்வேறு கட்டங்களில் நின்றால் இடைவெளியை மூடும் வீச்சுகள் கூடும். ஒரே கட்டத்தில் குவிந்தால் குறையும். இடைவெளியை முன்பக்கமாக மூடுவதே லாபம். 2, 1 கட்டங்களுக்கு ஓடிப்போன காய், பின்னோக்கி வர முடியாததால், சுவருக்கு இனி உதவாது. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

முழுச் சுவர் கட்டிய பிறகும் ஒரு நெருக்கடி காத்திருக்கிறது. ஆறு கட்டங்களுக்கு 12 காய்கள் போக, மிஞ்சுவது மூன்றே. வீச்சு விழுந்தால் ஆடியே தீர வேண்டும். அந்த மூன்றுக்கும் நடக்க இடம் தீர்ந்ததும் சுவரிலிருந்தே காய் எடுக்க நேரும். சிக்கியவருக்கு அந்தக் கவலை குறைவு: மற்றக் காய்களும் நகர முடியாத நிலையில் அவர் முறையை இழப்பாரே தவிர, தன் அமைப்பை இழப்பதில்லை. ஒரு வீச்சுக்குச் சராசரியாக எட்டுப் படி செலவாகும் என்பதால், மிஞ்சிய மூன்று காய்களும் சுவரைத் தொடாமல் இன்னும் எத்தனை படி நடக்க முடியும் என்று கூட்டி எட்டால் வகுத்தால், சுவர் ஏறக்குறைய எத்தனை முறை தாங்கும் என்பது தெரிந்துவிடும்.