இரு கை ஓசை

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது நம் முன்னோர் மொழி. பூசல் ஒன்று நிகழ்ந்தால் அதில் இருவருக்கும் பங்குண்டு என்பதைக் காட்டவே இப்பழமொழியைப் பெரும்பாலும் எடுத்தாளுவர். ஆயினும், பூசலுக்கு மட்டுமன்றி நட்பிற்கும் இது பொருந்தும். விளையாட்டுத் தோழர் இருவர் தம் உள்ளங்கைகளை உயர்த்தித் தட்டிக்கொள்ளும் வழக்கத்தையும், முஷ்டியால் முஷ்டியைத் தொடும் வழக்கத்தையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். முன்னதை ‘ஹை ஃபைவ்’ என்றும், பின்னதை ‘ஃபிஸ்ட் பம்ப்’ என்றும் ஆங்கிலத்தில் வழங்குவர். இவ்விரண்டும் ஒருவர் தாமே செய்து முடிக்கக்கூடிய செயல்கள் அல்ல. ஒருவர் கை நீட்டுகிறார்; மற்றவர் அதனை ஏற்கிறார்; அப்போதுதான் அது வாழ்த்தாகிறது. இவ்வழக்கத்தின் சிறப்பும் எல்லையும் இந்த ஓர் உண்மையிலேயே அடங்கியுள்ளன.

உள்ளங்கையை உயர்த்தித் தட்டும் வழக்கம் மிகப் பழமையானதன்று. அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களிடையே, இடுப்பளவில் உள்ளங்கையை விரித்து நீட்ட, மற்றவர் அதன்மேல் தம் கையால் தட்டும் வழக்கம் நெடுநாளாக இருந்துவந்தது. அந்தத் தாழ்ந்த கை தலைக்கு மேல் உயர்ந்தது எப்போது? இதற்கு விடையாகப் பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1977ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் டாட்ஜர்ஸ் அணிக்கும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கும் பேஸ்பால் ஆட்டம் நடைபெற்றது. பேஸ்பாலில், மட்டையால் அடித்த பந்து வேலியைக் கடந்து சென்றால் அதனை ‘ஹோம் ரன்’ என்பர். நம் கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் பெறும் அடியை இதற்கு ஒப்பாகக் கூறலாம். அடித்தவர் ஆடுகளத்தைச் சுற்றி ஓடித் தாம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவார். டாட்ஜர்ஸ் அணியினருள் மூவர் அந்தப் பருவத்தில் ஏற்கெனவே முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஹோம் ரன்கள் அடித்திருந்தனர். நான்காமவராகிய டஸ்டி பேக்கர் இருபத்தொன்பது அடித்திருந்தார். ஓர் அணியில் நால்வர் முப்பதை எட்டியது அதுவரை நிகழ்ந்ததில்லை. அன்றோ பருவத்தின் இறுதி ஆட்டம். பேக்கர் அன்று தம் முப்பதாவது ஹோம் ரன்னை அடித்தார்.

அடுத்து ஆட வேண்டியவராகிய கிளென் பர்க் என்னும் இளைஞர், களத்தருகே காத்துக்கொண்டிருந்தார். ஓடி முடித்து வந்த பேக்கரை அவர் எதிர்கொண்டார். மகிழ்ச்சி மிகுதியால் தம் கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார். உயர்ந்து நின்ற அந்தக் கையைக் கண்ட பேக்கர், தாமும் கையை உயர்த்தி அதனைத் தட்டினார். அவ்வேளையில் அதுவே செய்யத் தக்கதாகத் தமக்குத் தோன்றியது என்று பேக்கர் பின்னாளில் கூறினார். அடுத்து ஆடிய பர்க்கும் ஒரு ஹோம் ரன் அடித்தார். பெரிய போட்டிகளில் அவர் அடித்த முதல் ஹோம் ரன் அதுவே. இம்முறை பேக்கர் அவரை அதே வகையில் வரவேற்றார். லூயிவில் பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து வீரர்களும், 1978-79ஆம் ஆண்டுப் பருவத்தில் இவ்வழக்கத்தைத் தாமே தொடங்கியதாகக் கூறுவர். எது முந்தியதாயினும், ஒருவர் உயர்த்திய கைக்கு மற்றவர் உடனே விடை தந்தமையால்தான் அது வழக்கமாக வளர்ந்தது. பேக்கர் அன்று கையை உயர்த்தாமல் சென்றிருந்தால், பர்க்கின் கை வெறுங்காற்றில் நின்று தாழ்ந்திருக்கும்.

முஷ்டி தொடும் வழக்கத்தை விளக்குவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குத்துச்சண்டை வீரர் இருவர், போர் தொடங்குமுன் தம் கையுறைகளை மெல்லத் தொட்டுக்கொள்வர். கிரிக்கெட் ஆட்டத்திலும், மட்டையாளர் இருவர் ஓவர்களுக்கு இடையே நடுவில் சந்தித்துக் கையுறையால் கையுறையைத் தொடுவதைக் காண்கிறோம். கையில் மட்டையும் தடித்த உறையும் இருக்கும்போது கைகுலுக்குதல் எளிதன்று. மடக்கிய விரல்களால் தொட்டுவிட்டு மீண்டும் தத்தம் இடத்திற்குச் செல்வதே எளிது.

இத்தகைய தொடுகையால் பயன் ஏதேனும் உண்டா என்று ஆய்ந்தவர்களும் உளர். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2008-09ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டங்களை ஆராய்ந்தனர். பருவத்தின் தொடக்கத்தில் நடந்த ஆட்டங்களில், வீரர்கள் ஒருவரையொருவர் எத்தனை முறை தொட்டுக்கொண்டனர் என்று எண்ணினர். உள்ளங்கை தட்டுதல், முஷ்டி தொடுதல், தோளில் தட்டுதல் போன்றவை அனைத்தும் இக்கணக்கில் அடங்கின. மிகுதியாகத் தொட்டுக்கொண்ட அணிகள், பருவத்தின் பிற்பகுதியில் நன்கு ஆடின என்பது 2010ஆம் ஆண்டு வெளியான அவர்தம் ஆய்வின் முடிவு. ஆனால் இங்கு நாம் அவசரப்படலாகாது. இவ்விரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதையே இந்தக் கணக்குக் காட்டுகிறது. கைதட்டியதனாலேயே அவ்வணிகள் வென்றன என்று அதனைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையே தொடுகைக்கும் வெற்றிக்கும் பொதுவான காரணமாக இருக்கலாம் அன்றோ?

கூடைப்பந்தில் நிலவும் ஒரு வழக்கம் இதனை நன்கு விளக்கும். எதிரணியினர் தவறு செய்தால், ஒருவருக்கு யாரும் மறிக்காமல் பந்தைக் கூடையில் எறியும் வாய்ப்புத் தரப்படும். முதல் எறிதல் தவறிப் போனாலும், அருகில் நிற்கும் தோழர்கள் சென்று எறிந்தவரின் கையைத் தட்டுவர். வெற்றியைக் கொண்டாடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ‘தவறினாலும் நீ எம்மவனே, அடுத்ததை எறி’ என்பதே அத்தொடுகையின் பொருள். சொல்லால் கூறினால் நீளும் இச்செய்தியை ஒரு நொடியில் கை கூறிவிடுகிறது.

இனி, இவ்வழக்கத்தின் எல்லைகளைக் காண்போம்.

முதலாவது, உடலைப் பற்றிய எல்லை. உள்ளங்கை தட்டும்போது எதிர்வரும் கையை நோக்கினால் பெரும்பாலும் குறி தவறும். கை விரைந்து அசைவதே காரணம். அதனினும் குறைவாக அசைவது முழங்கை. எதிரே நிற்பவரின் முழங்கையை நோக்கித் தட்டினால் உள்ளங்கைகள் நேரே பொருந்தும் என்று பழகியோர் கூறுவர். முஷ்டி தொடும்போது கட்டைவிரலை உள்ளே மடக்காமல் வெளியே வைத்தல் வேண்டும். மெல்லத் தொடுதல் வேண்டும். விரல் மொழிகளுக்குப் பின்னால் உள்ள எலும்புகள் மெல்லியவை. முஷ்டியால் வலிந்து குத்துவோர்க்குச் சுண்டுவிரலின் அடியிலுள்ள எலும்பு முறிவதுண்டு. மருத்துவர்கள் அதற்குக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயரிட்டுள்ளனர். தொடுகை குத்தாக மாறும்போது வாழ்த்து மறைந்து வலியே எஞ்சும்.

இரண்டாவது, நோயைப் பற்றிய எல்லை. வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு நடத்தி, 2014ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். தீங்கற்ற பாக்டீரியாக்கள் நிறைந்த நீரில் கையுறை அணிந்த கையைத் தோய்த்து உலர்த்தி, தூய கையுறை அணிந்த மற்றொரு கையை அதனால் வாழ்த்தச் செய்தனர். பின்பு தூய கைக்குச் சென்ற பாக்டீரியாக்களை அளந்தனர். உள்ளங்கை தட்டியதைக் காட்டிலும் கைகுலுக்கியபோது ஏறத்தாழ இருமடங்கு பரவின. முஷ்டி தொட்டபோது மிகவும் குறைவாகவே பரவின. ஒட்டும் பரப்புச் சிறியது, ஒட்டியிருக்கும் நேரமும் குறுகியது என்பவையே காரணங்கள். எனினும், கையால் பரவுவனவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். முஷ்டி தொடுவோரும் கையெட்டும் தொலைவில் நின்றே ஆகவேண்டும். மூச்சுக் காற்றால் பரவும் நோயை அது தடுக்காது. ஆகவேதான், கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டில், அமெரிக்கப் பேஸ்பால் அமைப்பினர் உள்ளங்கை தட்டுதல், முஷ்டி தொடுதல் ஆகிய இரண்டையும் ஆட்டக்களத்தில் தடை செய்தனர்.

மூன்றாவது எல்லையே மிகவும் நுட்பமானது. அது மற்றவரின் விருப்பம். நீட்டிய கை ஓர் அழைப்பு, கட்டளை அன்று. எதிரே நிற்பவர் கையில் காயம் இருக்கலாம். பிறரைத் தொடாமல் கைகூப்பி வணங்குவது அவர்தம் வழக்கமாக இருக்கலாம். அந்நேரத்தில் தொடுகையை அவர் விரும்பாமலும் இருக்கலாம். காரணத்தைக் கேட்டறியும் உரிமை நமக்கு இல்லை. அவர் கை எழவில்லையாயின், நாம் உயர்த்திய கையை அசைத்து வாழ்த்திவிட்டு இறக்கிக்கொள்வதே முறை. அவர் கையைப் பற்றி இழுத்துத் தட்டுவது அழைப்பை ஆணையாக்குவதாகும். பின்புறமாகச் சென்று எதிர்பாராத நேரத்தில் முதுகில் அறைவதும் அத்தகையதே. அங்கே மற்றவருக்கு மறுக்கும் வாய்ப்பே இல்லை. கையை நீட்டிவிட்டு, மற்றவர் தட்ட வரும்போது இழுத்துக்கொண்டு நகைப்பாரும் உளர். தோழர் இருவரும் சேர்ந்து சிரித்தால் அது விளையாட்டு. ஒருவர் மட்டும் நாணி நின்றால் அது ஏளனம்.

நான்காவதாக ஓர் எல்லை உண்டு. அதனைக் கிளென் பர்க்கின் வாழ்க்கையே காட்டுகிறது. அவர் தம் பாலினத்தவரையே விரும்பும் இயல்பினர். தோழர்கள் அவரை நேசித்தனர். அவரால் ஆட்ட அறையில் சிரிப்பும் களிப்பும் நிறைந்தன. ஆயினும், அந்தப் புகழ்பெற்ற நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டாகிய 1978இல், டாட்ஜர்ஸ் அணியினர் அவரை ஓக்லண்டு அணிக்கு மாற்றிவிட்டனர். சில ஆண்டுகளுக்குள் அவர் பேஸ்பால் உலகையே விட்டு நீங்கினார். தம் இயல்பின்மீது பிறர் கொண்ட வெறுப்பே தம்மை வெளியேற்றியது என்று அவர் கூறினார். 1995ஆம் ஆண்டில் தம் நாற்பத்திரண்டாம் அகவையில் அவர் மறைந்தார்.

களத்தில் அவர் உயர்த்திய கைக்கு எதிர்க்கை எழுந்தது. களத்திற்கு வெளியே அவர் நீட்டிய கைக்கு எதிர்க்கை எழாத இடங்கள் பல இருந்தன. உள்ளங்கைகள் பொருந்துவதற்கு ஒரு நொடி போதும். ஒருவரை நம்மவராக ஏற்பதற்கோ அந்த நொடி போதாது. தட்டிய கை தாழ்ந்த பின்னரும், தோழர் தவறியபோதும், பிறர் அவரைப் புறக்கணித்தபோதும் உடன் நிற்பவரே அந்தக் கைக்கு முழு விடை தந்தவர் ஆவர்.