மூன்று புள்ளிக்கு என்ன விலை?

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி 2002, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியை வென்றது. ஸ்கோர் முறையே 20-17, 32-29, 24-21. மூன்று முறையும் வித்தியாசம் மூன்றே புள்ளிகள். 2008-ல் அதே அணி ஒரு தோல்விகூட இல்லாமல் இறுதிப் போட்டிக்கு வந்து, நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. அதிலும் மூன்று. 2023-ல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 38-35 என்றும், மறு ஆண்டு 25-22 என்றும் கோப்பையை வென்றது. அங்கும் மூன்றுதான்.

இதற்குக் காரணம் அமெரிக்கக் கால்பந்தில் புள்ளி சேரும் விதம். டச் டவுனுக்கு ஆறு புள்ளிகள். அதன் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக ஒன்று, ஆக ஏழு. எல்லைவரை போக முடியாத அணி தூரத்திலிருந்தே உதைத்து எடுக்கும் ஃபீல்ட் கோலுக்கு மூன்று. ஸ்கோர் பெரும்பாலும் மூன்றும் ஏழுமாகவே ஏறுகிறது. ஆட்டம் சமநிலையில் இருந்து கடைசி நிமிடம் வந்துவிட்டால், டச் டவுனுக்காக உயிரைக் கொடுக்காமல் ஃபீல்ட் கோல் தூரத்துக்குப் போய் உதைத்துவிட்டு வெளியேறுவதுதான் பயிற்சியாளர்களின் வழக்கம். அதனால் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆட்டங்களில் ஏறத்தாழ 15 சதவீதம் சரியாக மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடிகின்றன. அடுத்த இடம் ஏழுக்கு, சுமார் 9 சதவீதம். ஆறு, பத்து, பதினான்கு, நான்கு எல்லாம் அதற்குப் பிறகு வருகின்றன. ஒன்று, இரண்டு, ஐந்து புள்ளி வித்தியாசங்கள் அரிது.

பந்தய உலகில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு விதமாக விலை சொல்வார்கள். ஒன்று, பாயின்ட் ஸ்ப்ரெட். பலமான அணிக்கு -3 என்று போட்டிருந்தால், அந்த அணி மூன்றுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றால்தான் அதன்மேல் கட்டியவருக்குப் பணம். சரியாக மூன்று என்றால் கட்டிய பணம் அப்படியே திரும்பி வரும். இதற்குப் புஷ் என்று பெயர். இன்னொன்று மணிலைன். இதில் வித்தியாசம் பற்றிய பேச்சே இல்லை. யார் வென்றார் என்பது மட்டும்தான் கணக்கு. -160 என்றால் 100 டாலர் லாபத்துக்கு 160 டாலர் கட்ட வேண்டும். +135 என்றால் 100 கட்டினால் 135 லாபம்.

இரண்டும் ஒரே ஆட்டத்தைப் பற்றிய இரண்டு பேச்சுகள் என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட முடியும். சந்தையில் சுற்றும் பட்டியல்கள் -3-க்கு எதிரே இன்ன மணிலைன், -7-க்கு எதிரே இன்ன மணிலைன் என்று தயாராகக் கொடுத்துவிடும். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பட்டியலை நம்பினால், விதிவிலக்கான ஆட்டம் வரும்போது கை கொடுக்காது. கணக்கோ ஒரு காகிதத் துண்டில் அடங்கிவிடுகிறது.

-3 என்ற ஸ்ப்ரெட்டையே எடுத்துக்கொள்வோம். இரு பக்கத்துக்கும் வழக்கமான -110 விலைதான் என்று வைத்துக்கொண்டால், ஸ்ப்ரெட்டைத் தாண்டுவதற்கும் தாண்டாமல் போவதற்கும் சம வாய்ப்பு என்று சந்தை கருதுகிறது. இப்படிப்பட்ட ஆட்டங்களில் பலமான அணி சரியாக மூன்றில் வெல்லும் வாய்ப்பை 9.5 சதவீதம் என்று வைப்போம். முன்பு சொன்ன 15 சதவீதம் யார் வென்றாலும் சேர்த்து எண்ணியது. அதில் பலமான அணியின் பங்குதான் நமக்கு வேண்டியது. புஷ்ஷாகப் போகும் இந்த 9.5-ஐ ஒதுக்கிவிட்டால் மிச்சம் 90.5. அதில் பாதி, அதாவது 45.25 சதவீதம், பலமான அணி மூன்றுக்கு மேல் வெல்லும் வாய்ப்பு.

மணிலைனில் கட்டியவருக்கு மூன்றில் வென்றாலும் பணம், ஒன்றில் வென்றாலும் பணம். ஆகவே மூன்றிலிருந்து கீழே ஒவ்வொரு வித்தியாசத்தையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மூன்றுக்கு 9.5, இரண்டுக்கும் ஒன்றுக்கும் சேர்த்து 4.5. எல்லாம் கூட்டினால் 59.25 சதவீதம். இதுதான் அந்த அணி வெல்வதற்கான வாய்ப்பு. டிரா என்.எஃப்.எல்.லில் மிக அரிது என்பதால் விட்டுவிடலாம்.

வாய்ப்பை விலையாக்க, வெல்லும் சதவீதத்தைத் தோற்கும் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 59.25-ஐ 40.75-ஆல் வகுத்தால் 1.45 வரும். ஆக, லாபமும் நஷ்டமும் இல்லாத நேர்விலை -145. எதிரணிக்கு +145.

ஆனால் எந்த புக்கியும் நேர்விலையில் கடை விரிப்பதில்லை. இரண்டு பக்கத்து வாய்ப்பிலும் தன் பங்காகக் கொஞ்சம் ஏற்றி வைப்பார். பக்கத்துக்கு 2.2 ஏற்றினால், 61.5 சதவீதமும் 43 சதவீதமும் ஆகும். அதே வகுத்தலைச் செய்தால் பலமான அணிக்கு ஏறத்தாழ -160, எதிரணிக்கு +133. பலகையில் எதிரணியின் விலை +135 என்று முழுமையாகத் தோன்றும். -3-க்கு வழக்கமாகத் தென்படும் மணிலைனும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும்.

ஏழுக்கும் இதே வழிதான். படிகள் மட்டும் அதிகம். சரியாக ஏழில் முடிய 6 சதவீதம் என்றால், அதற்கு மேல் வெல்ல 47. பிறகு ஏழிலிருந்து ஒன்றுவரை இறங்கிக் கூட்டினால் 74 அல்லது 75 சதவீதத்தில் வந்து நிற்கும். நேர்விலை -290 வட்டாரம், புக்கியின் பங்கோடு -320 போல. இறங்கும்போது பெரிய எண்ணிக்கை கிடைப்பது ஏழிலும் மூன்றிலும்தான். ஐந்தைக் கடக்கும்போது கிடைப்பது சில்லறை.

ஹால் ஸ்டெர்ன் என்ற புள்ளியியலாளர் 1991-ல் இதே கேள்வியை வேறு வழியில் அணுகினார். ஆட்ட முடிவுகள் ஸ்ப்ரெட்டைச் சுற்றி மணி வடிவ வளைவில் பரவுகின்றன, அதன் திட்ட விலக்கம் சுமார் 14 புள்ளிகள் என்று காட்டினார். அந்த வளைவின்படி -3 அணி வெல்லும் வாய்ப்பு 58.6 சதவீதம். நம் காகிதக் கணக்கும் 59.25 என்றது. இந்த இடத்தில் இரண்டும் கைகுலுக்குகின்றன.

அரைப் புள்ளி நகர்ந்தவுடன் சிக்கல் வருகிறது. வளைவு ஒரு சரிவுப் பாதை, ஆட்டமோ உயரம் ஒத்துவராத படிக்கட்டு. -2.5-க்கு வளைவு 57 என்கிறது. நம் முறையில் 50-உடன் 4.5 கூட்டினால் 54.5. -3.5-க்கு வளைவு 60 என்கிறது. நம் முறையோ 50-உடன் 9.5-ஐயும் 4.5-ஐயும் கூட்டி 64 என்கிறது. ஒரே ஒரு புள்ளி நகர்ந்ததற்கு 9.5 சதவீதத் தாவல். இதைப் பார்த்து முறையே தவறு என்று சிலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் தவறு முறையில் இல்லை. ஸ்ப்ரெட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விலையைப் படிக்காததுதான் தவறு.

மூன்றின் பலம் புக்கிக்குத் தெரியும். அதைத் தாண்டி ஸ்ப்ரெட்டை நகர்த்துவதற்கு முன் அவர் பலமுறை யோசிப்பார். 1979 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் டாலஸ் கௌபாய்ஸும் மோதிய சூப்பர் பவுல் அவர்கள் மறக்காத பாடம். ஸ்டீலர்ஸுக்கு 3.5 என்று தொடங்கிய ஸ்ப்ரெட் பணம் குவியக் குவிய 4.5 வரை போனது. அங்கே கௌபாய்ஸ் பக்கம் பணம் விழுந்தது. ஆட்டம் 35-31 என்று முடிந்தது, வித்தியாசம் நான்கு. முதலில் ஸ்டீலர்ஸ் மேல் கட்டியவர்களும் வென்றார்கள், பின்னால் கௌபாய்ஸ் மேல் கட்டியவர்களும் வென்றார்கள். புக்கிகள் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். நான்குக்கே இந்தக் கதி என்றால் மூன்றில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே அவர் ஸ்ப்ரெட்டை -2.5-லேயே நிறுத்திவிட்டு, பக்கத்து விலையை -110-லிருந்து -120 ஆக்குவார். எதிர்ப்பக்கம் +100 ஆகும். இந்த ஜோடியில் புக்கியின் பங்கைக் கழித்தால் பலமான அணி ஸ்ப்ரெட்டைத் தாண்டும் வாய்ப்பு 50 அல்ல, 52.2. அதனுடன் 4.5 கூட்டினால் 56.7. மறுபுறம் -3.5-ல் பலமான அணிக்கு +100, எதிரணிக்கு -120 என்று இருந்தால், தாண்டும் வாய்ப்பு 47.8, பதினான்கைக் கூட்டினால் 61.8. இரண்டு எண்களும் இப்போது வளைவின் பக்கத்தில் வந்துவிட்டன, தாவலும் பாதியாகிவிட்டது. ஐம்பதில் தொடங்கும் பட்டியல்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இன்னும் சில இடங்களில் எண்களைத் திருத்த வேண்டியிருக்கும். இரு அணிகளும் சேர்ந்து மொத்தம் எத்தனை புள்ளி எடுக்கும் என்ற மதிப்பீடு 37 ஆக இருக்கும் ஆட்டமும் 52 ஆக இருக்கும் ஆட்டமும் ஒன்றல்ல. குறைவான ஸ்கோரில் முடிவுகள் நெருக்கமாகக் குவியும். அதே -3 அங்கே கூடுதல் வெற்றி வாய்ப்பைக் குறிக்கும். கல்லூரி ஆட்டங்களில் அணிகளுக்கிடையே பலம் மடங்குக் கணக்கில் மாறுபடுவதால் வித்தியாசங்கள் சிதறிக் கிடக்கும், என்.எஃப்.எல். பங்குகளை அங்கே கொண்டுபோய் ஒட்டக் கூடாது. பழைய பட்டியல்களிலும் ஒரு குறை உண்டு. 2015-ல் டச் டவுனுக்குப் பிந்தைய உதையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அதுவரை 99 சதவீதம் உள்ளே போன உதை 94 சதவீத அளவுக்கு இறங்கியது. ஒரு புள்ளி தவறினால் அதன் பிறகு எல்லா எண்ணும் இடம் மாறுகிறது. இரண்டு புள்ளிக்கு முயலும் அணிகளும் பெருகின. ஏழின் பங்கை அதற்கு முந்தைய புள்ளிவிவரத்தில் எடுத்தவர் கொஞ்சம் கூடுதலாகவே எண்ணியிருப்பார்.

கடைசியாக, இந்தக் கணக்கு பணம் சம்பாதிக்கும் மந்திரம் என்று யாராவது சொன்னால் -3 ஆட்டத்துக்கே திரும்பிப் பாருங்கள். 59.25 சதவீதம் சரியென்றே வைத்துக்கொள்வோம். -160 விலையில் கட்டினால், நூறு முறைக்கு 59.25 முறை 100 டாலர் வரும், 40.75 முறை 160 டாலர் போகும். கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு 160 டாலருக்கும் சராசரியாக ஆறு டாலர் நஷ்டம். எதிரணிமேல் +135-ல் கட்டினாலும் 100 டாலருக்கு நான்கு டாலருக்கு மேல் போகிறது.