தொட்டி நிறைய தண்ணீர், குழாயில் மட்டும் சொட்டு ஏன்?

மதுரைப் பக்கம் ஒரு மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிவிட்டு மறுபடி மோட்டார் போட்டார்கள். திங்கள் காலையில் மாடி குளியலறைக் குழாயைத் திறந்தால் முதலில் ஒரு இருமல், பிறகு நூல் போல் தண்ணீர். சமையலறையில் வழக்கம்போல் கொட்டுகிறது. "ஆயிரம் லிட்டர் தொட்டி பத்தலை, பெருசா ஒண்ணு வாங்கணும்" என்றார் அப்பா. நான்காவது படிக்கும் மகள் மீனாவுக்கு அது புரியவில்லை. தொட்டிதான் பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறதே!

பிளம்பர் வந்ததும் மீனா அவர் பின்னாலேயே மாடியேறினாள். அவர் முதலில் குழாயைக் கழற்றவில்லை. பதினைந்து லிட்டர் வாளியை இரண்டு இடத்திலும் வைத்து நேரம் பார்க்கச் சொன்னார். சமையலறையில் ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தது. குளியலறையில் ஐந்து நிமிடம் ஆனது. அடுத்து குளியலறைக் குழாயின் முனையிலிருந்த வலையைக் கழற்றிப் பார்த்தார். உப்பு அடைப்பு இல்லை. "அப்போ கோளாறு வழியிலதான் இருக்கு. வா பாப்பா, தண்ணி போற பாதையிலேயே போவோம்" என்றார்.

தொட்டியின் அடியிலிருந்து சற்று மேலே குழாய் புறப்படுகிறது. ஏன் அடிமட்டத்தில் இல்லை என்று மீனா கேட்டாள். மணலும் சேறும் அடியில் தங்கும், அவை வீட்டுக்குள் வராமலிருக்கத்தான் அந்த இடைவெளி. அடுத்து கேட் வால்வு. அதைத் தாண்டியதும் தொட்டியை விட உயரமாக ஒரு குழாய், முனை வளைந்து வாய் திறந்தபடி நிற்கிறது. "இதுல தண்ணியே வராதே, எதுக்கு மாமா?"

"இது காத்துக்கு. ஏர் பைப்."

தொட்டி காலியானபோது குழாய்களுக்குள் காற்று புகுந்தது. திரும்பத் தண்ணீர் வரும்போது அந்தக் காற்று வெளியேற வழி வேண்டும். காற்று லேசானது, மேட்டைத் தேடிப் போகும். தொட்டியின் அருகிலுள்ள காற்று ஏர் பைப் வழியே போய்விடும். ஆனால் இந்தக் குளியலறை லைன் மாடித் தரையில் ஓடி, மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. அந்தக் கூனில் காற்று சிக்கிக்கொண்டது.

தொட்டி நிற்கும் மேடையும் மூன்றடிதான். தொட்டியில் அரை மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தால் அது கூனை விட ஓரிரு அடியே உயரம். காற்று உட்கார்ந்திருக்கும்வரை அந்தச் சின்ன உயரம் மட்டுமே தண்ணீரைத் தள்ளுகிறது. கூனைத் தாண்டிக் குழாய் வரை உள்ள இறக்கம் வீணாகிறது. சமையலறை லைனில் கூன் இல்லை, அதனால் பிரச்சினையும் இல்லை.

தொட்டியை முழுக்க நிரப்பி, குளியலறைக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டார். சில நிமிடம் கொப்பளித்துச் சீறிவிட்டு ஓட்டம் சீரானது. மறுபடி தொட்டி காலியானால் இதே கதைதான் என்பதால், சுவரின் அடியில் துளையிட்டு, குழாய் எங்கும் ஏறாமல் இறக்கமாகவே போகும்படி மாற்றினார். வாளி இப்போது ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தது.

"ஷவர் மட்டும் ஏன் இன்னும் மெதுவா வருது?" மீனா விடவில்லை. அதற்குக் காரணம் காற்று இல்லை, உயரம். மாடி அறையின் உயரம் பத்தடி, மேடை மூன்றடி, ஷவர் ஏழடியில். தொட்டியின் அடியிலிருந்து ஷவருக்கு ஆறடிதான் இறக்கம். கீழ்வீட்டு ஷவருக்குப் பதினாறடிக்கும் அதிகம். அழுத்தம் இந்த இறக்கத்தையே பொறுத்தது. சுமார் முப்பத்து மூன்றடி இருந்தால்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டியை அகலமாக்கினால் தண்ணீர் அதிக நேரம் வருமே தவிர வேகமாக வராது. வேகம் வேண்டுமென்றால் மேடையை உயர்த்த வேண்டும், அல்லது பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். அப்பா புதுத் தொட்டி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் குறைந்தால், செலவு செய்வதற்கு முன் வாளி வைத்து நேரம் பாருங்கள். முனை வலையைக் கழுவுங்கள். அப்புறம் மாடிக்குப் போய் அந்த லைன் எங்காவது மேடேறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏர் பைப்பின் வாயை மூடி போட்டு அடைக்காதீர்கள். கொசு புகாமலிருக்க மெல்லிய வலை கட்டினால் போதும்.