கைக்குழியில் தெரியும் கணக்கு

தையல் வகுப்பில் அளவு ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, நேராக உடம்பில் அளவெடுக்கத்தான் முதலில் பழக்குகிறார்கள். பழைய ஜாக்கெட்டில் இருக்கும் குறை அப்படியே புதியதிலும் வந்துவிடும் என்பதே காரணம். மார்புச் சுற்றளவை மார்பின் உயர்ந்த பகுதி வழியாக எடுக்க வேண்டும். முதுகுப் பக்கம் டேப் சரிந்தால் அளவு தவறிவிடும்.

மார்பு 36 அங்குலம், ஷோல்டர் 14 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பின்பாகத்துக்குப் பிரவுன் பேப்பரை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து ஷோல்டரில் பாதி, அதாவது 7 அங்குலம் குறிக்கிறோம். கைக்குழியின் இறக்கத்துக்கு மார்பில் ஆறில் ஒரு பங்கோடு 1 அங்குலம் கூட்டுவது ஒரு வழக்கம். இங்கே அதுவும் 7. அந்தக் கோட்டில் மார்பின் கால் பங்கான 9 அங்குலத்தோடு தையலுக்கும் பிரித்துவிடவும் ஒன்றரை அங்குலம் சேர்க்க வேண்டும். முன்பாகத்தின் கைக்குழியைச் சுமார் அரை அங்குலம் உள்வாங்கி வளைக்கிறோம். கை முன்னோக்கித்தானே அதிகம் அசைகிறது.

கை தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் மேலேறுகிறதா? பலரும் கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டுவார்கள். அது தவறு. இறங்க இறங்க இழுப்பு கூடும். அக்குளை அறுக்காத அளவுக்குக் கைக்குழி மேலேயே இருக்க வேண்டும். சூத்திரம் சராசரி உடம்புக்கானது. ஆகவே துணியை வெட்டுமுன் பழைய துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள்.